கார்டு நிரம்பினால் கல்லா நிரம்புமா?

சென்ற வருடம் ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் தங்கை மகள் ஒரு பை நிறைய நோட்டுப் புத்தகங்களுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். செம்பூரில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் ஒன்றை எட்டு வருடங்களாக நடத்தி வருகிறாள். மூன்று நாற்காலி, மூன்று பணிப்பெண்கள். மும்பையில் அவ்வளவு இடத்துக்கு வாடகை கொடுத்துத் தாக்குப்பிடிப்பதே ஒரு சாதனை என்று நான் நினைத்துக் கொண்டிருந்தேன். நான் வங்கியில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு என்றால் உறவினர்களுக்கு என் நினைவு வரும். கல்யாணம் என்றால் வராது.

"மாமா, மூத்த பெண் சம்பளம் கூட்டிக் கேக்குறா. எட்டாயிரம் கூடக் கொடுக்கலேன்னா புதுசா வந்திருக்கற பெரிய சலூனுக்குப் போயிடுவேங்கறா. எங்கிட்ட ஏது எட்டாயிரம்? ஆனா கடையில கூட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. பணம் எங்க போகுதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றாள்.

பணம் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அது போன இடம் ஒரு சிறிய ரோஜா நிற அட்டை. 'லாயல்டி கார்டு' என்று அதன் மேல் பொன்னெழுத்தில் அச்சாகியிருந்தது. 2024 ஏப்ரலில் அவள் அதை ஆரம்பித்திருந்தாள். கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்கு ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் தள்ளுபடி. நம் வாசகர்களில் பலர் ஏதோ ஒரு தொழில் நடத்துகிறவர்கள். மற்றவர்களின் பணப்பையில் இப்படிப்பட்ட கார்டு இரண்டு மூன்றாவது இருக்கும். ஆகையால் இந்தக் கணக்கை நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

என் தங்கை மகளின் வாதம் எளிமையானது. "20 சதவீதம் குறைக்கிறேன். 20 சதவீதம் கூடுதலா வந்தாங்கன்னா சரியாப் போச்சு. அதுக்கு மேல வந்தா லாபம்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான கடைக்காரர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் தள்ளுபடி விலையிலிருந்து போவதில்லை. விலையில் நமக்கு மிஞ்சுவதிலிருந்து போகிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வழிக்கு வந்துவிடும்.

அவள் கடையில் ஒருவர் ஒருமுறை வந்து போனால் சராசரி பில் 600 ரூபாய். புருவம் திருத்துவது, வாக்ஸிங், ஃபேஷியல், முடி வெட்டுவது எல்லாம் கலந்த சராசரி இது. அந்த ஒரு வருகைக்காகவே செலவாகும் பொருள், அதாவது மெழுகு, க்ரீம், ஷாம்பு, தூக்கியெறியும் துண்டு முதலியவை, 90 ரூபாய். வேலை செய்த பெண்ணுக்கு 10 சதவீதம் கமிஷன், 60 ரூபாய். ஆக 150 போக 450 மிச்சம். வாடகை, மாதச் சம்பளம், மின்சாரம் இவற்றை இதில் சேர்க்கவில்லை. ஒருவர் கூடுதலாக வந்தாலும் வராவிட்டாலும் அவை அநேகமாக மாறப் போவதில்லை. அவற்றையெல்லாம் கட்டுவதற்கு ஒவ்வொரு வருகையும் கொண்டு வரும் பங்குதான் இந்த 450.

இப்போது கார்டைக் காட்டுகிறார்கள். 120 ரூபாய் குறைகிறது. மெழுகு குறைவதில்லை. கமிஷனும் குறைவதில்லை, தள்ளுபடி கொடுப்பது முதலாளி, அதைப் பணிப்பெண் தலையில் கட்டக்கூடாது என்று பழைய விலைக்கே கமிஷன் கொடுத்து வந்தாள். அது நல்ல காரியம். ஆனால் 120 ரூபாய் முழுவதும் அந்த 450இலிருந்துதான் போகிறது. மிஞ்சுவது 330.

வருடத்துக்கு 11 முறை வந்து கொண்டிருந்த ஒருவரை எடுத்துக் கொள்வோம். 11 முறை 450, மொத்தம் 4,950 ரூபாய். கார்டு கொடுத்த பிறகு அவரிடமிருந்து அதே 4,950 வரவேண்டுமானால் அவர் 15 முறை வரவேண்டும். 15 முறை 330, அதுவும் 4,950. அதாவது 20 சதவீதம் கூடுதல் போதாது. 36 சதவீதம் கூடுதலாக வந்தால்தான் முன்பிருந்த நிலைக்கே வர முடியும். லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

இதைக் காகிதம் இல்லாமலே போட ஒரு வழி இருக்கிறது. 100 ரூபாய் பில்லில் உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று பாருங்கள். இவள் கடையில் 75. அதிலிருந்து தள்ளுபடி 20ஐக் கழித்தால் 55. தள்ளுபடியை அந்த 55 ஆல் வகுத்தால் வருவதுதான் தேவையான உயர்வு. 100க்கு 60 மட்டுமே மிஞ்சும் கடையில் அதே 20 சதவீதத் தள்ளுபடிக்கு 50 சதவீதம் கூடுதல் வருகை வேண்டும். மிச்சம் குறையக் குறைய தள்ளுபடி கொடுப்பவர் பாடு திண்டாட்டம்தான். (ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் வரிக்கு முந்தைய தொகையை வைத்து இதைப் போட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சலூன் சேவைக்கு வரி 5 சதவீதம். ஆனால் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே அந்த வரியும் பொருள் செலவில் சேரும். இவள் கடை பதிவு வரம்புக்கு உட்பட்ட சிறிய கடை.)

11 முறை என்பது சுமார் 33 நாளுக்கு ஒருமுறை. 15 முறை என்பது 24 நாளுக்கு ஒருமுறை. இங்கேதான் சலூன் தொழில் மளிகைக் கடையிலிருந்து வேறுபடுகிறது. மலிவாகக் கிடைத்தால் துவரம் பருப்பை இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி வைக்கலாம். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளர்கிறது. எந்தத் தள்ளுபடியும் அதை அவசரப்படுத்தாது. வாக்ஸிங் செய்யவும் முடி அரை சென்டிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெழுகு பிடிக்காது. வாடிக்கையாளர் மனது வைத்தாலும் உடம்பு ஒத்துழைக்க வேண்டுமே! ஆகவே ஒரு சலூன் கார்டு கூடுதல் வருகையை மூன்று வழிகளில்தான் தர முடியும். வேறு கடைக்கும் போய்வரும் ஒருவர் அந்த வருகையையும் இங்கே கொண்டு வரலாம். இதுவரை செய்துகொள்ளாத வேலை ஒன்றைச் செய்துகொள்ளலாம். அல்லது விட்டுப் போயிருக்கக் கூடியவர் போகாமல் இருக்கலாம். எட்டு வருடமாக இங்கு மட்டுமே வரும் எங்கள் காலனி மாமிக்கு இந்த மூன்றும் பொருந்தாது. அவருக்குக் கார்டு கொடுத்தது தீபாவளி இனாம் மாதிரிதான்.

"அதெல்லாம் கணக்கு மாமா. உண்மையில கார்டு வேலை செஞ்சிருக்கு. கார்டு வச்சிருக்கவங்க வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை வர்றாங்க. இல்லாதவங்க நாலு தடவைகூட வர்றதில்ல. நீங்களே பாருங்க" என்று அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். எண்ணிக்கை உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. கார்டை யார் வாங்கிக் கொண்டார்கள்? ஏற்கெனவே அடிக்கடி வருகிறவர்கள். எப்போதாவது வருகிறவருக்குக் கார்டில் என்ன அக்கறை? குடை பிடித்தவர்கள் நிற்கிற இடத்தில் மழை பெய்கிறது என்பதற்காகக் குடைதான் மழையைக் கொண்டு வந்தது என்று சொல்ல முடியுமா?

சரி, அப்படியானால் அதே ஆட்களை அவர்களுடைய முந்தைய வருடத்தோடு ஒப்பிடலாம் என்று நான் ஆரம்பித்தேன். அதிலும் ஒரு ஓட்டை இருப்பது இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. எந்தக் கடையிலும் வருடாவருடம் சிலர் போய்விடுவார்கள். வீடு மாறுவார்கள், மாற்றலாகிப் போவார்கள், மனஸ்தாபப்படுவார்கள். கார்டு வாங்கியவர்கள் என்றால் முந்தைய வருடம் முழுவதும் போகாமல் இருந்தவர்கள் என்று பொருள். அடுத்த வருடம் அவர்களில் சிலர் போகத்தான் போகிறார்கள், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படிப் பார்த்தால் அந்த ஒப்பீடு கார்டுக்கு அநியாயம் செய்துவிடும். தணிக்கைக்காரன் குற்றவாளிக்கும் நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா?

கடைசியில் செய்தது இதுதான். அவளுடைய நோட்டில் தேதி, செல்பேசி எண், செய்த வேலை, வாங்கிய தொகை நான்கும் வருகைக்கு வருகை எழுதியிருக்கும். அவள் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது. 2024 ஏப்ரல், மே மாதங்களில் கார்டு வாங்கிய பழைய வாடிக்கையாளர்கள் 120 பேர். அவர்கள் அடுத்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை முறை வந்தார்கள் என்று எண்ணினோம். பிறகு சரியாக ஒரு வருடம் பின்னால் போய், 2023 ஏப்ரல், மே மாதங்களில் வந்த அதே மாதிரிப் பழைய வாடிக்கையாளர்கள் 120 பேரை எடுத்து, கார்டே இல்லாத அடுத்த பன்னிரண்டு மாதங்களில் அவர்கள் எத்தனை முறை வந்தார்கள் என்று எண்ணினோம். இடையில் விட்டுப் போனவர்கள் இரண்டு பக்கமும் அடக்கம். முழு வருடமாக எடுத்ததற்கும் காரணம் உண்டு. மகாராஷ்டிரத்தில் சிராவண மாதத்தில் முடி வெட்டிக் கொள்ளாதவர்கள் பலர். கணபதி, தீபாவளி, கல்யாண சீசன் என்றால் கடையில் நிற்க இடமிராது. சிராவணத்தையும் தீபாவளியையும் ஒப்பிட்டால் எந்தக் கார்டும் அற்புதம் செய்ததாகத் தெரியும்.

கார்டு இல்லாத வருடம் 120 பேர் 1,260 முறை வந்திருந்தார்கள். கார்டு இருந்த வருடம் 1,404 முறை. 144 வருகை கூடுதல், அதாவது 11 சதவீதத்துக்குச் சற்று மேல். பில் தொகை மாறவில்லை. தள்ளுபடிக்கு முன் இரண்டு வருடமும் 600 ரூபாயை ஒட்டியே இருந்தது. கார்டு வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்திருக்கிறது. ஆனால் தேவைப்பட்டது 36 சதவீதம்.

ரூபாயில் சொன்னால்தான் உறைக்கும். முதல் வருடம் 1,260 முறை 450, ஆக 5,67,000. கார்டு வருடம் 1,404 முறை 330, ஆக 4,63,320. வித்தியாசம் 1,03,680 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,640. நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை. மூத்த பெண் கேட்ட எட்டாயிரம் அந்த ரோஜா நிற அட்டையில் இருந்தது.

கூட்டம் குறையவில்லையே என்று கேட்டாளே, அதற்கும் விடை நோட்டில் இருந்தது. கார்டு வருகைகளில் பத்தில் ஆறு சனி, ஞாயிறுகளில் நடந்திருந்தன. ஞாயிறன்று அவள் கடையில் மூன்று நாற்காலியும் காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை காலியாவதே இல்லை. தொலைபேசியில் கேட்பவர்களுக்கு "இன்னிக்கு இடமில்லை ஆன்ட்டி" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறாள். அந்த நாற்காலியில் 330 தருகிற ஒருவரை உட்கார வைத்தால், 450 தரக்கூடிய இன்னொருவர் வெளியே போகிறார் என்று பொருள். நிரம்பிய ரயிலில் டிக்கெட்டுக்குத் தள்ளுபடி கொடுக்கும் வேலை இது. புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கோ மூன்று பெண்களும் சுவரில் சாய்ந்து செல்பேசி பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் புதிதாக வந்தால் 330 மட்டுமல்ல, 200 மிஞ்சினாலும் லாபமே. நாற்காலியின் காலி நேரத்தை ஊறுகாய் போட்டு வைக்க முடியாது.

ஆகவே கார்டை ஒழித்துவிடு என்று நான் சொல்லவில்லை. ஒழித்தால் மனவருத்தம் வரும். பழகிய சலுகையைப் பிடுங்கினால் யாருக்கும் பிடிக்காது. பழைய கார்டுகளை அவற்றில் போட்ட தேதி வரை மதித்து முடித்துவிட்டு, 2025 ஜூனில் வேறு கார்டு அச்சிட்டோம். செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வந்தால் ஒரு முத்திரை. (திங்கள் கடைக்கு விடுமுறை.) ஐந்து முத்திரை சேர்ந்தால் ஒரு ஹெட் மசாஜ் இலவசம். பணத் தள்ளுபடி கிடையாது.

செவ்வாயும் வெள்ளியும் நம்மவர்கள் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள், வியாழனன்று வடக்கத்தியர் வெட்டிக்கொள்ள மாட்டார்கள், பிறகு யார் வருவார்கள் என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. பஞ்சாங்கத்தோடு எந்தக் கார்டும் போட்டி போட முடியாது. ஆனால் ஃபேஷியலுக்கும் புருவத்துக்கும் பெரும்பாலோர் நாள் பார்ப்பதில்லை. நாள் பார்ப்பவர்களுக்குப் புதன் இருக்கிறது.

ஹெட் மசாஜைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அதன் விலை 400 ரூபாய் என்று பலகையில் எழுதியிருக்கிறது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அது 400 ரூபாய்ப் பரிசு. கடைக்கு ஆவது எண்ணெய் முதலிய பொருளுக்கு 40, கமிஷன் 40, ஆக 80 ரூபாய். செய்யும் பெண் அந்த நேரத்தில் சும்மா இருந்திருப்பாள். ஐந்து வருகைக்கு 80 என்றால் வருகைக்கு 16 ரூபாய்தான். 450இல் 16 போக 434. இதற்கு ஈடுகட்ட 4 சதவீதத்துக்கும் குறைவான கூடுதல் வருகை போதும். 36 எங்கே, 4 எங்கே! ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே காசு கொடுத்து ஹெட் மசாஜ் செய்துகொள்பவருக்கு அதையே இலவசமாகக் கொடுத்தால், நாம் இழப்பது 80 அல்ல, வந்திருக்க வேண்டிய 400. அதனால் முதலில் நோட்டைப் பார்த்தோம். இந்த 120 பேரில் அதைக் காசு கொடுத்துச் செய்துகொண்டவர்கள் ஏழே பேர். ஆகவே துணிந்தோம்.

முத்திரை கார்டு பற்றி ஒரு பிரபலமான ஆய்வு உண்டு. அமெரிக்காவில் கார் கழுவும் நிலையம் ஒன்றில் ஒரு பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள கார்டையும், மறு பாதிப் பேருக்குப் பத்துக் கட்டம் உள்ள கார்டில் இரண்டு கட்டத்தை முன்பே முத்திரையிட்டும் கொடுத்தார்கள். இருவரும் கழுவ வேண்டியது எட்டு முறைதான். ஆனால் எட்டுக் கட்டக்காரர்களில் 19 சதவீதம் பேரும், மற்றவர்களில் 34 சதவீதம் பேரும் கார்டை நிரப்பினார்கள். 2006இல் வெளியான இந்த ஆய்வை என் தங்கை மகளின் பெண், கல்லூரியில் மார்க்கெட்டிங் படிப்பவள், உற்சாகமாக எடுத்துச் சொன்னாள். நல்ல உத்திதான். ஆனால் கார்டு நிரம்புவது வேறு, கல்லா நிரம்புவது வேறு. எப்படியும் வந்திருப்பவர்கள் கார்டை நிரப்பினால் நாம் பரிசு கொடுத்ததுதான் மிச்சம். எத்தனை கார்டு நிரம்பியது என்பதைக் கொண்டு யாரும் லாபத்தை அளக்க வேண்டாம்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? இந்த முறை முன்கூட்டியே யோசித்தோம். செல்பேசி எண்ணின் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருப்பவர்களில் 60 பேருக்கு ஜூனிலேயே கார்டு. ஒற்றைப்படையில் 60 பேருக்கு டிசம்பரில்தான் கார்டு. யாருக்கு முதலில் என்பதை நம் மனமோ, அவர்கள் ஆர்வமோ தீர்மானிக்கவில்லை, எண் தீர்மானித்தது. இப்படிப் பிரித்தால் இரண்டு கூட்டமும் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அவர்களுக்குள் தெரியும் வித்தியாசம் கார்டின் வேலை.

"பக்கத்துப் பக்கத்து ஃபிளாட்ல இருக்காங்க மாமா. அவளுக்குக் குடுத்தே எனக்குக் குடுக்கலியேன்னு சண்டைக்கு வருவாங்க" என்று பயந்தாள். மூன்று பேர் கேட்கவும் செய்தார்கள். அவர்களுக்குக் கார்டைக் கொடுத்துவிட்டு, ஆனால் கணக்கில் ஒற்றைப்படைப் பக்கமே வைத்தோம். கேட்டு வாங்குகிறவர் ஆர்வமுள்ளவர். அவரை இந்தப் பக்கம் மாற்றினால் பழைய தவறே திரும்பி வரும்.

ஜூன் முதல் நவம்பர் வரை ஆறு மாதத்தில் கார்டு இருந்த 60 பேர் 330 முறை வந்தார்கள். மற்ற 60 பேர் 309 முறை. 330 முறை 434, ஆக 1,43,220. 309 முறை 450, ஆக 1,39,050. கார்டுக்கு ஆதரவாக 4,170 ரூபாய். ஆறு மாதத்துக்கு! மேலும், 60 பேரில் 21 வருகை கூடுவதும் குறைவதும் கார்டே இல்லாமல்கூட நேரக்கூடியது. நான்கு பேர் ஊருக்குப் போய்விட்டால் போதும். ஆகவே கார்டு லாபம் தந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பெரிய நஷ்டம் தரவில்லை என்பேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பங்கு வாரநாள் பிற்பகலுக்கு நகர்ந்திருப்பது நோட்டில் கண்ணுக்குத் தெரிகிறது. கார்டு தந்ததில் உருப்படியான பலன் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

கடைசியாக ஒன்று. பழைய நோட்டுகளைப் புரட்டும்போது செய்த வேலைக்குப் பக்கத்தில் செய்த பெண்ணின் பெயரும் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். அந்த 120 பேரில் 52 பேர் முக்கால்வாசி முறை அந்த மூத்த பெண்ணிடமே செய்துகொண்டிருக்கிறார்கள். அவள் வரும் நாளைக் கேட்டு, அதற்குத் தகுந்தாற்போல் வந்திருக்கிறார்கள். அவள் எதிர்ச் சலூனுக்குப் போனால் அவர்களில் பாதிப் பேர் கூடப் போனாலே, கார்டு இல்லாத வருடத்தின் 450 ரூபாய்க் கணக்கில், வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் நஷ்டம். மாதம் எட்டாயிரம் கூட்டிக் கொடுத்தால் வருடத்துக்கு 96,000. இதற்கு முத்திரை தேவையில்லை, பொன்னெழுத்து தேவையில்லை.

என் கருத்து இதுதான். வாடிக்கையாளரின் விசுவாசம் அட்டையில் இருப்பதில்லை. தன் புருவத்தின் வளைவு தெரிந்த ஒரு கையில் இருக்கிறது. கடைக்காரர் தள்ளுபடிக்குக் கை நீட்டுமுன், அந்தக் கைக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்ப்பது உத்தமம். எட்டாயிரத்தை 2025 மே மாதத்திலிருந்து அவள் கொடுத்து வந்தாள். மூத்த பெண் போகவில்லை. நான் செய்த தணிக்கைக்கு ஊதியமாக என் மனைவிக்கு ஒரு ஹெட் மசாஜ் இலவசம் என்றாள் தங்கை மகள். ஞாயிற்றுக்கிழமை வரக்கூடாது என்று மட்டும் நிபந்தனை போட்டிருக்கிறாள். பாடம் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது.